கூகுளுக்குத் தெரியாத சர்வே எண்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த தம்பி ஒருவன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டான். குரலில் கோபம். "சார், ஆண்டிமடம் பக்கத்துல எங்க தாத்தா நிலம் இருக்கில்ல, அது ஆன்லைன்ல எங்கயுமே இல்ல சார். ஊர் பேரு, சர்வே நம்பர், தாத்தா பேரு எல்லாம் போட்டு கூகுள்ல தேடிட்டேன். ஒண்ணுமே வரல. சித்தப்பா யாரையோ பிடிச்சு அழிச்சுட்டாருன்னு நினைக்கிறேன்" என்றான். சித்தப்பாவிடம் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். கூகுளில் வரவில்லை என்பது ஒன்றுதான் அவனிடம் இருந்த சாட்சி.

இதே சந்தேகத்தை வேறு வேறு ரூபத்தில் நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் கொஞ்சம் பழைய கதையோடுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூகுள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் தேடும் நிமிஷத்தில் அது உலகம் முழுக்க ஓடிப்போய்த் தேடுவதில்லை. முன்கூட்டியே படித்துச் சேர்த்து வைத்த ஒரு பெரிய அட்டவணையைத்தான் புரட்டுகிறது. அந்த அட்டவணைக்காகப் பக்கங்களைப் படித்து வருகிற நிரலுக்குக் கிராலர் என்று பெயர். 1993-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேத்யூ கிரே என்ற மாணவர், இணையம் எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பார்க்க இப்படி ஒன்றை ஓடவிட்டார். அடுத்த வருஷமே, 1994-ல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் என்பவர் செய்த வெப்கிராலர், பக்கத்தில் உள்ள எல்லாச் சொல்லையும் அட்டவணையில் ஏற்றியது. அன்றைக்கும் இன்றைக்கும் இதன் அடிப்படை வேலை ஒன்றேதான். ஒரு பக்கத்தைத் திற, அதில் உள்ள இணைப்புகளைக் குறித்துக்கொள், அந்த இணைப்புகள் வழியே அடுத்த பக்கங்களுக்குப் போ, அங்கேயும் அதையே செய்.

அதாவது கிராலர் சாலை வழியாக மட்டுமே போகிற வழிப்போக்கன். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து ஆண்டிமடம் என்று தார்ரோடு போகிற இடமெல்லாம் போவான். ரோட்டோரம் கதவு திறந்திருக்கும் கடைகளையெல்லாம் எட்டிப் பார்த்துப் பெயர்ப்பலகையை எழுதிக்கொள்வான். ஆனால் ஒரு ஆபீசுக்குள் போய், "இந்தக் கிராமம், இந்த சர்வே எண், சிட்டா எடுத்துக் கொடுங்கய்யா" என்று கேட்க மாட்டான். அவனுக்கு எந்த எண்ணைக் கேட்பது என்று தெரியாது. ஆபீஸ் இருக்கிறது என்பதை எழுதிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

நம் பெரியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். 1980-ல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை அரசு ஒழிக்கும்வரை ஊருக்கு ஊர் கர்ணம் இருந்தார். ஊரின் நிலக்கணக்கு முழுக்க அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அது ரகசியம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து, இன்ன நிலம் என்று சொல்லிக் கேட்டால்தான் அந்த ஏடு வெளியே வரும். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இன்று அந்தப் பெட்டி eservices.tn.gov.in என்ற முகவரியில் இருக்கிறது. தம்பியிடம் அவன் அக்காவைத் தொலைபேசியில் சேர்க்கச் சொன்னேன். காரணம் பின்னால் சொல்கிறேன். மூன்று பேருமாகப் படிவத்தை நிரப்பினோம். முதலில் ஊரகமா நகரமா என்று கேட்கும். அடுத்து மாவட்டம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை வட்டம் என்ற பெட்டி காலியாகவே இருக்கும். வட்டத்தைச் சொன்ன பிறகுதான் கிராமங்களின் பட்டியல் வந்து நிற்கும். பிறகு பட்டா எண்ணோ, அவர்கள் புல எண் என்று குறிப்பிடும் சர்வே எண்ணும் உட்பிரிவும் கொடுக்க வேண்டும். கடைசியில் படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்தைத் தட்டச்சு செய்து, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் போட வேண்டும். தம்பியிடம் இந்திய எண் இல்லை. அக்கா ஜெயங்கொண்டத்தில் இருக்கிறாள். அவள் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. பட்டாவும் வந்தது.

இப்போது ஒரு சின்னச் சோதனை செய்யச் சொன்னேன். நீங்களும் செய்து பார்க்கலாம். பட்டா திரையில் இருக்கும்போதே மேலே உள்ள முகவரியை நகலெடுத்து வேறொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் திறந்தால் உங்கள் பட்டா வராது. அந்த முகவரிக்குள் உங்கள் கிராமமும் இல்லை, சர்வே எண்ணும் இல்லை. இந்த ஒரு சோதனையில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

இணையத்தில் படிவத்தை அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்றின் பெயர் GET. அதில் நாம் நிரப்பியதெல்லாம் முகவரியின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கற்பனையாக ஒரு தளம் வைத்துக்கொண்டால் இப்படி இருக்கும்:

```
https://example.org/search?district=ariyalur&taluk=sendurai
```

இது ஒரு தனி முகவரி. எழுதி வைக்கலாம், அனுப்பலாம், யாராவது தங்கள் பக்கத்தில் இணைப்பாகவும் போடலாம். கிராலரும் அந்த வழியே வந்து படித்துக்கொள்ளும்.

இன்னொரு வழி POST. இதில் நாம் நிரப்பியது உறைக்குள் போட்ட கடிதம் மாதிரி தனியாகப் போகிறது. எல்லாருக்கும் முகவரி ஒன்றே. உள்ளே இருக்கும் கேள்விதான் வேறு வேறு. வருகிற பதிலுக்கென்று ஒரு விலாசம் கிடையாது. கேட்ட அந்த நிமிஷத்தில் தரவுத்தளத்திலிருந்து தொகுத்துக் காட்டப்படும் பக்கம் அது. கேட்பதற்கு முன்னால் அப்படி ஒரு பக்கமே இல்லை. திரையை மூடினால் அதுவும் போய்விடும். இல்லாத பக்கத்தை எந்த அட்டவணையில் ஏற்ற முடியும்?

"சார், கிராலரே அந்த உறையை நிரப்பி அனுப்பக் கூடாதா?" என்று முன் பெஞ்சுக்காரர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். GET என்பது பெரும்பாலும் பார்ப்பதற்கு மட்டும். POST எதையாவது மாற்றவும் செய்யலாம். சாமான் வாங்குவது, புகார் கொடுப்பது, பட்டா மாறுதலுக்கு மனு போடுவது எல்லாம் அப்படித்தான் போகும். ஒரு கிராலர் கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்திக்கொண்டே போனால், தாசில்தார் அலுவலகத்தில் மறுநாள் காலை ஆயிரம் பொய் மனு நிற்கும். அதனால் பொதுவான தேடுபொறிகள் அந்த வேலையில் இறங்குவதில்லை.

முயற்சியே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். படிவங்களுக்குப் பின்னால் கிடக்கும் இந்தப் பகுதிக்கு 1994-லேயே ஜில் எல்ஸ்வொர்த் என்பவர் "கண்ணுக்குத் தெரியாத வலை" என்று பெயர் வைத்தார். 2001-ல் மைக்கேல் பெர்க்மன் "ஆழ்வலை" என்ற சொல்லைப் பரப்பினார். வெளியே தெரியும் வலையைப் போல 400 முதல் 550 மடங்கு பெரிதாக இருக்கிறது என்று ஒரு கணக்கும் சொன்னார். அந்தக் கணக்கை இன்றும் சிலர் புதுச் செய்தி போலப் பகிர்கிறார்கள். கால் நூற்றாண்டுப் பழைய மதிப்பீடு அது, இன்றைய இணையத்துக்குப் பொருத்திப் பேசாதீர்கள். அதே 2001-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்ரீராம் ராகவன், ஹெக்டர் கார்சியா-மோலினா இருவரும் படிவத்தைத் தானே நிரப்பும் ஒரு கிராலரை ஆராய்ச்சிக்காகக் கட்டினார்கள்.

கூகுளே இறங்கியது 2008-ல். ஜெயந்த் மாதவன், அலன் ஹலேவி முதலியோர் அந்த வேலையைச் செய்தவர்கள். பட்டியல் பெட்டியாக இருந்தால் அதில் உள்ளவற்றில் சிலவற்றைத் தேர்ந்து பார்ப்பார்கள்; எழுத வேண்டிய பெட்டியாக இருந்தால் அந்தத் தளத்திலிருந்தே சில சொற்களை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். வருகிற பக்கங்கள் ஒன்றுக்கொன்று நிஜமாகவே வேறுபட்டால் மட்டும் அட்டவணையில் ஏற்றுவார்கள். இதிலும் GET படிவங்களை மட்டும்தான் தொட்டார்கள். கடவுச்சொல்லோ சொந்த விவரமோ கேட்கும் படிவங்களை ஒதுக்கிவிட்டார்கள்.

அவர்கள் கட்டுரையில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கார் விற்கும் ஒரு அமெரிக்கத் தளத்தின் தேடல் படிவத்தில் ஐந்தே பெட்டிகள். அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்ப்பதானால் 20 கோடிக்கு மேல் முகவரிகள் வரும். விற்பனைக்கு இருந்த கார்களோ சுமார் 6,50,000. மிச்ச எல்லாக் கேள்விக்கும் காலிப் பக்கமோ திரும்பத் திரும்ப அதே பக்கமோதான் வரும். இதையே நம் படிவத்துக்கு வைத்துப் பாருங்கள். எந்தக் கிராமத்தில் சர்வே எண் எதுவரை போகிறது, 112-க்கு எத்தனை உட்பிரிவு என்று வெளியாளுக்குத் தெரியாது. குருட்டாம்போக்கில் கேட்டுக்கொண்டே போனால் அந்தத் தளம் படுத்துவிடும். நம் ஊர் விவசாயி அவசரத்துக்குச் சிட்டா எடுக்க முடியாது. அந்தக் கோணல் எழுத்தையும் ஓ.டி.பி.யையும் வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். கேட்பவர் ஒரு மனிதர், அவர் கையில் ஒரு போன் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளும் பூட்டு அது. அக்காவைச் சேர்க்கச் சொன்ன காரணம் இதுதான்.

இடையில் ஒரு வார்த்தை. ஆழ்வலை என்றதும் சில தாய்மார்கள் பயப்படுகிறீர்கள். சினிமாவில் காட்டும் டார்க் வெப் வேறு. அதற்கு டோர் என்ற தனி மென்பொருள் வேண்டும். ஆழ்வலை என்பது உங்கள் வங்கிக் கணக்குப் பக்கம், ரயில் டிக்கெட் விவரம், பையனின் மதிப்பெண் பக்கம் எல்லாம்தான். தினமும் அதில்தான் புழங்குகிறீர்கள்.

இனி நம் மாவட்டக் கதைக்கு வருகிறேன். படிவத்துக்குப் பின்னால் இருப்பதை எடுக்க வேண்டுமானால் சரியான கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

தம்பியிடம் இருந்தது 1962-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம். அதில் திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா என்று இருக்கிறது. அவனும் திருச்சி மாவட்டம் என்றே தட்டிப் பார்த்திருக்கிறான். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர்ப் பக்கம் முழுக்க அதோடு போனது. 2001 ஜனவரி 1-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. பதினைந்து மாதம்கூட நிறைவதற்குள், 2002 மார்ச் 31-ல், மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். கடைசியாக 2007 நவம்பர் 23-ல் திரும்பவும் அரியலூர் தனியானது. அதற்கப்புறம் உடையார்பாளையம் வட்டத்திலிருந்து ஆண்டிமடம் தனி வட்டமாகப் பிரிந்தது. நிலம் ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் 1962-ல் எழுதிய பத்திரம், 1998-ல் எழுதிய பத்திரம், 2010-ல் எழுதிய பத்திரம் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் மாவட்டத்தின் பெயர் மூன்று விதமாக இருக்கும்.

மனிதரிடம் கேட்டால் "பழைய திருச்சி ஜில்லா தம்பி, இப்ப அரியலூர்" என்று அவரே திருத்திக்கொள்வார். படிவத்துக்கு அது தெரியாது. இன்றைய பெயரில் கேட்டால் மட்டும் பதில் சொல்லும். தம்பி அரியலூர், ஆண்டிமடம் என்று மாற்றியதும் கிராமம் வந்துவிட்டது.

சர்வே எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அரியலூரும் உடையார்பாளையமும் ஜமீன்கள் என்பது உங்களுக்கு நான் வகுப்பில் சொன்னதுதான். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. அதற்குப் பிறகுதான் பல ஜமீன் கிராமங்களில் அரசு முறைப்படி அளந்து எண் கொடுத்தது. அதற்கு முந்தின பத்திரங்களில் பைமாஷ் எண் என்று ஒன்று இருக்கும். அதைக் கொண்டுபோய்ப் புல எண் பெட்டியில் போட்டால் ஒன்று, விவரம் இல்லை என்று வரும். அல்லது, இது இன்னும் மோசம், சம்பந்தமே இல்லாத வேறொருவர் நிலம் வரும். 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் போதும் உட்பிரிவுகளும் பட்டா எண்களும் நிறைய மாறின. அதனால் திரையில் வந்ததும் முதலில் பரப்பளவைப் பாருங்கள். பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். திரை ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். பத்திரத்தில் 1 ஏக்கர் என்றால் திரையில் 40 ஏரை ஒட்டி இருக்க வேண்டும். வெகுவாக வித்தியாசப்பட்டால் எண் தவறு, அல்லது நிலம் பிரிந்திருக்கிறது. அப்போது கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ பழைய எண்ணுக்கு நேரான புதிய எண் எது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தம்பிக்கு என்ன வந்தது என்று சொல்லவில்லையே. பரப்பு பொருந்தியது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, வேறு மூன்று பங்காளிகள் பெயரோடு சேர்ந்த கூட்டுப் பட்டாவாக. தாத்தா காலமாகி இருபது வருஷம். யாரும் அழிக்கவும் இல்லை, யாரும் மாற்றவும் இல்லை. அன்று சாயங்காலமே சித்தப்பாவுக்குப் போன் போட்டுப் பேசியதாக அக்கா சொன்னாள்.

அவன் அதோடு நிற்காமல் வில்லங்கமும் பார்க்க வேண்டும் என்றான். நியாயம்தான். பட்டாவில் பெயர் இருப்பது ஒன்று, பத்திரப் பதிவில் யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது வேறு. அது இன்னொரு பெட்டி: tnreginet.gov.in. அங்கே கேட்கும் கேள்வி வட்டம் அல்ல, சார்பதிவாளர் அலுவலகம். பதிவுத்துறையின் எல்லை வேறு, வருவாய்த்துறையின் எல்லை வேறு என்பதை மறக்காதீர்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கொடுக்க வேண்டும். இங்கே கவனம் வேண்டும். உட்பிரிவு பிறப்பதற்கு முன் நடந்த விற்பனை, உட்பிரிவு இல்லாத வெறும் சர்வே எண்ணின் கீழ்தான் பதிவாகியிருக்கும். அதனால் 112/3A என்று மட்டும் தேடி "வில்லங்கம் இல்லை" என்று வந்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 112/3, 112 என்றும் தேடுங்கள். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு மனு போட்டு, பணம் கட்டி, கையால் தேடித் தரச் சொல்ல வேண்டும். அவன் 1962 பத்திரத்துக்கு அக்கா இப்போது அந்த மனுதான் போட்டிருக்கிறாள்.

இதில் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. உண்மையான பட்டா கூகுளில் வராது. ஆனால் "அரியலூர் பட்டா சிட்டா ஆன்லைன்" என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். அவற்றில் பல தனியார் எழுதியவை. சில, உங்கள் பெயரையும் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டு பணம் கேட்கும். கிராலருக்கு அசல் பெட்டி தெரியாது, அதைப் பற்றிப் பேசுகிறவர்களைத்தான் தெரியும். முகவரி .gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் எதையும் நிரப்புங்கள். நடுவில் gov என்று எங்கோ நுழைத்திருந்தால் போதாது. தளத்தின் பெயர் அதில் முடிய வேண்டும்.

வரலாற்றுக்காரனாக எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பும் பெரும்பாலும் கிராலர் வழியாகத்தான் சேமிக்கிறது. அதனால் நம் மாவட்டத் தளங்களின் முகப்புப் பக்கம் அங்கே கிடைக்கும். படிவத்துக்குப் பின்னால் அன்று என்ன பதில் வந்தது என்பது கிடைக்காது. 19-ம் நூற்றாண்டின் செட்டில்மென்ட் பதிவேட்டை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் புரட்டலாம். 2009-ல் உங்கள் பட்டா திரையில் எப்படி இருந்தது என்று காட்டச் சொன்னால், அன்றைக்கு நீங்கள் எடுத்து வைத்த காகிதம்தான் சாட்சி. தம்பியின் அக்காவிடம் இரண்டு பிரதி எடுத்து, மேலே தேதி எழுதி, அதில் அச்சாகியிருக்கும் சரிபார்ப்புக் குறிப்பு எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். சர்வே எண்ணையும் பட்டா எண்ணையும் மட்டும் பொதுவில் போடாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இங்கே எழுதுவதைக் கூகுள் படித்துவிடும்.